தாய்ப்பால் கொடுக்கும்போது ஸ்டாட்டின்: பாலில் எவ்வளவு போகிறது, யார் நிறுத்தலாம், யார் நிறுத்த முடியாது

ரோசுவாஸ்டாட்டின் 20 சாப்பிடுகிறேன். குழந்தைக்கு மூன்று மாதம். பால் கொடுக்கலாமா, வேண்டாமா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

மருந்தின் தகவல் தாளும், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021 ஜூலையில் வெளியிட்ட அறிவிப்பும் ஒன்றையே சொல்கின்றன: ரோசுவாஸ்டாட்டின் போன்ற, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளைச் சாப்பிடும்போது தாய்ப்பால் கொடுப்பது பரிந்துரைக்கப்படவில்லை. பெரும்பாலான தாய்மார்களுக்கு இதற்கு எளிய வழி, பால் கொடுக்கும் காலம் முடியும்வரை மாத்திரையை நிறுத்தி வைப்பது. அவர்களுக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை.

ஆனால் நிறுத்தவே முடியாத தாய்மார்கள் சிலர் உண்டு. மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பெற்றோர் இருவரிடமிருந்தும் கொலஸ்ட்ரால் கோளாறு வந்து சேர்ந்தவர்கள். அவர்களிடம் "பாலை நிறுத்திவிடுங்கள்" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்புவது சரியில்லை என்பது என் கருத்து. பாலில் போகும் அளவு பற்றி நமக்குக் கொஞ்சம் தெரியும். அதை வைத்துப் பேசி முடிவெடுக்க இடம் இருக்கிறது. இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மாத்திரையையோ பாலையோ நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். முதலில் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

மருந்து பாலில் உண்மையிலேயே வருகிறதா? வந்தால் எவ்வளவு?

வருகிறது. ரோசுவாஸ்டாட்டினில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். தினம் 20 மில்லிகிராம் சாப்பிட்ட ஒரு தாயின் பாலை நேரம் விட்டு நேரம் எடுத்துச் சோதித்து, அந்த முடிவை 2018இல் வெளியிட்டார்கள். ஒரு மில்லி பாலில் சராசரியாக 31 நானோகிராம் மருந்து இருந்தது. மிக அதிகமாக இருந்த வேளையில் 59 நானோகிராம்.

இந்த எண்கள் வெறுமனே படித்தால் பிடிபடாது, உங்கள் குழந்தைக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று மாதம், 6 கிலோ எடை, தாய்ப்பால் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். இந்த வயதில் கிலோவுக்கு 150 மில்லி என்று கணக்கிடுவது வழக்கம். அப்படியானால் நாளைக்கு 900 மில்லி. 900ஐ 31ஆல் பெருக்கினால் சுமார் 28,000 நானோகிராம், அதாவது 28 மைக்ரோகிராம். நீங்கள் சாப்பிடும் 20 மில்லிகிராம் என்பது 20,000 மைக்ரோகிராம். உங்கள் மாத்திரையை எழுநூறு துகளாக நொறுக்கினால், அதில் ஒரு துகள் நாள் முழுக்கக் குடிக்கும் பாலின் வழியாகக் குழந்தைக்குப் போகிறது.

குழந்தை சின்னதாயிற்றே, அதற்கு அந்தத் துகளும் அதிகம் இல்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதனால்தான் எடைக்கு எடை ஒப்பிடுவார்கள். குழந்தைக்குக் கிலோவுக்கு 4.6 மைக்ரோகிராம். 65 கிலோ எடையுள்ள தாய்க்குக் கிலோவுக்கு 308 மைக்ரோகிராம். குழந்தைக்குப் போவது தாயின் அளவில் ஒன்றரை சதவீதம். பால் முழுவதும் அந்த உச்ச அளவிலேயே இருந்தது என்று மிகைப்படுத்திக் கணக்கிட்டாலும் மூன்று சதவீதத்தைத் தாண்டவில்லை. நிறைமாதத்தில் ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைக்கு, பத்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாக ஏற்கத்தக்க அளவு என்பது இந்தத் துறையில் நெடுநாள் வழக்கம். அது ஒரு வழிகாட்டிதான். ஒவ்வொரு மருந்தின் குணத்தையும் தனியாகப் பார்த்த பிறகே அந்தப் பத்துக்கு அர்த்தம் உண்டு.

இன்னொரு ஒப்பீடும் உதவும். பிறவிக் கொலஸ்ட்ரால் கோளாறு உள்ள எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இதே மருந்தை 5 மில்லிகிராமில் தொடங்குவார்கள். பிள்ளை 25 கிலோ என்றால் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் ஆகிறது. பால் வழியாகப் போவது அதில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும், குடலுக்குப் போகும் ரோசுவாஸ்டாட்டினில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் பெரியவர்களின் ரத்தத்தில் சேர்கிறது. மீதி ரத்த ஓட்டத்துக்குப் போய்ச் சேருவதில்லை.

இவ்வளவும் ஒரே ஒரு தாயின் பாலை வைத்துப் போட்ட கணக்கு என்பதை மறக்க வேண்டாம். எந்த அளவில் போகிறது என்பதை அது காட்டுகிறது. உங்கள் பாலிலும் அச்சாக அதே எண்தான் இருக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை.

இவ்வளவு குறைவு என்றால் ஏன் எல்லா இடத்திலும் "கொடுக்கக் கூடாது" என்றே எழுதியிருக்கிறது?

குழந்தைகள் பாதிக்கப்பட்டதைப் பார்த்து எழுதிய எச்சரிக்கை இல்லை அது. மருந்து வேலை செய்யும் விதத்திலிருந்து வந்த அச்சம்.

ஸ்டாட்டின் செய்வது ஒரே வேலை: கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாராவதற்கு வேண்டிய ஒரு நொதியைத் தடுப்பது. நமக்குக் கொலஸ்ட்ரால் என்றாலே ரத்தக்குழாய் அடைப்புதான் ஞாபகம் வரும். பச்சிளங்குழந்தைக்கு அது கட்டுமானப் பொருள். மூளை வளர, நரம்புகளைச் சுற்றி உறை உருவாக, ஒவ்வொரு செல்லின் சுவருக்கும் அது வேண்டும். தாய்ப்பாலிலேயே கொலஸ்ட்ரால் தாராளமாக இருக்கிறது, வழக்கமான பவுடர் பாலில் மிகக் குறைவு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருப்பதும் அதனால்தான். இயற்கையே அதிகமாகக் கொடுக்கும் ஒரு பொருளின் உற்பத்தியைத் தடுக்கும் மருந்து, சிறிதளவானாலும், மாதக்கணக்கில் தினமும் உள்ளே போகலாமா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியில் தவறு ஒன்றும் இல்லை.

மறுபக்கம் அனுபவம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பெற்றோர் இருவரிடமிருந்தும் பிறவிக் கொலஸ்ட்ரால் கோளாறு வந்த பெண்கள் சற்று அதிகம். அங்கே அப்படிப்பட்ட பெண்களின் பிரசவங்களைத் தொகுத்து 2018இல் வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு ஸ்டாட்டினை மறுபடி தொடங்கி, பாலும் கொடுத்த தாய்மார்கள் அதில் உண்டு. அவர்களின் பிள்ளைகள் இயல்பாகவே வளர்ந்து, பள்ளியிலும் இயல்பாகவே படித்தார்கள். கையளவு பிள்ளைகள்தான். ஆபத்தே இல்லை என்று நிரூபிக்க அது போதாது. ஆனால் "கொடுத்தால் மூளை வளராது" என்று ஒரு தாயைப் பயமுறுத்த நினைப்பவர்கள் அதையும் படித்துவிட்டுப் பேசட்டும்.

இரவு மாத்திரை போட்டுவிட்டு, காலையில் முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுக் கொடுத்தால் போதுமா?

ரோசுவாஸ்டாட்டினில் இந்த உபாயம் பலிக்காது. சில மருந்துகள் போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், நாலைந்து மணி நேரத்தில் வடிந்துவிடும். அவற்றுக்கு நேரம் பார்த்துப் பால் கொடுப்பதில் பயன் உண்டு. ரோசுவாஸ்டாட்டின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே 19 மணி நேரம் ஆகிறது. மேலே சொன்ன தாயிடம், மாத்திரை போட்டு 17 மணி நேரம் கழித்துத்தான் பாலில் மருந்து உச்சத்தைத் தொட்டது! ரத்தத்தில் அது மூன்று முதல் ஐந்து மணி நேரத்திலேயே உச்சத்துக்குப் போய்விடும் மருந்து. இரவு ஒன்பது மணிக்குப் போட்டால் பாலில் உச்சம் மறுநாள் பிற்பகல் இரண்டு மணி. காலைப் பாலைக் கொட்டிவிட்டு மதியப் பாலை நிம்மதியாகக் கொடுப்பதில் என்ன லாபம்?

காரணமும் ஓரளவு புரிந்ததுதான். சில மருந்துகளைப் பிடித்துப் பாலுக்குள் தள்ளும் ஒரு புரதம் மார்புச் சுரப்பியில் உண்டு, பால் சுரக்கும் காலத்தில் அது இன்னும் அதிகமாகிறது. ரோசுவாஸ்டாட்டின் அந்தப் புரதம் பிடிக்கும் மருந்துகளில் ஒன்று. ரத்தத்தில் எவ்வளவு என்பதை மட்டும் பார்த்துப் பாலின் அளவை ஊகிக்க முடியாமல் போவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

பீய்ச்சிக் கொட்டுவதால் மார்பில் இருக்கும் மருந்து "காலியாகி" விடுவதும் இல்லை. ரத்தத்தில் மருந்து இருக்கும்வரை அடுத்துச் சுரக்கும் பாலிலும் அது வரும்.

அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுபவர்களுக்கும் இதே கணக்குத்தானா? வேறு ஸ்டாட்டினுக்கு மாறினால் நல்லதா?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. பிரவாஸ்டாட்டினைப் பால் கொடுக்கும் எட்டுப் பெண்களிடம் அளந்த பழைய பதிவு ஒன்று உண்டு. நாளைக்கு இரண்டு முறை 20 மில்லிகிராம் கொடுத்தும், பாலில் உச்சமே மில்லிக்கு 3.9 நானோகிராம்தான். ரோசுவாஸ்டாட்டினின் சராசரியில் எட்டில் ஒரு பங்கு. உடம்பைவிட்டும் சீக்கிரம் போய்விடும், இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும். நீரில் கரையும் வகை என்பதால் மூளைக்குள் எளிதில் நுழைவதும் இல்லை. அதனால்தான் ஸ்டாட்டின் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் பிரவாஸ்டாட்டினையும், அதேபோல் நீரில் கரையும் ரோசுவாஸ்டாட்டினையும் முதலில் யோசிப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல். பிரவாஸ்டாட்டின் வலிமை குறைந்தது. ரோசுவாஸ்டாட்டின் 20 சாப்பிட்டும் கெட்ட கொழுப்பு இலக்கைத் தொடாத ஒருவருக்கு அது பற்றாது. அட்டோர்வாஸ்டாட்டின் 98 சதவீதத்துக்கு மேல் ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டே இருப்பதால் பாலுக்குள் அதிகம் போகாது என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அது உடைந்து வரும் பொருள்களும் வேலை செய்யக்கூடியவை, ஒரு நாளைக்கு மேலும் அவை தங்கும்.

ஒரு வருடத்துக்கு மேல் நிறுத்தினால் எனக்கு மாரடைப்பு வந்துவிடாதா?

யாருக்கு எதற்காகக் கொடுத்தது என்பதைப் பொறுத்தது. முப்பது வயதில், மாரடைப்பு எதுவும் வராமல், கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூடுதல் அல்லது சர்க்கரை இருக்கிறது என்று ஆரம்பித்த ஸ்டாட்டின் என்றால், பயப்பட வேண்டியதில்லை. ரத்தக்குழாயில் கொழுப்புப் படிவது பத்து இருபது வருடத்தில் நடக்கும் வேலை. ஓராண்டு இடைவெளி அதில் பெரிதாக எதையும் மாற்றிவிடாது.

குடும்பத்திலேயே வரும் கொலஸ்ட்ரால் கோளாறு என்றால் அந்த "ஓராண்டு" உண்மையில் ஓராண்டு இல்லை. கருத்தரிக்கத் திட்டமிட்டதும் மாத்திரையை நிறுத்தியிருப்பீர்கள். அது ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். அப்புறம் பத்து மாதம். அப்புறம் பால் கொடுக்கும் காலம். ஒரு பிள்ளைக்கே இரண்டரை வருடம், இரண்டு பிள்ளை என்றால் ஐந்து வருடம். அப்பாவுக்கு நாற்பது வயதில் மாரடைப்பு, உங்களுக்குக் கெட்ட கொழுப்பு 200க்கு மேல், குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண் தடித்திருக்கிறது என்றால், அந்த ஐந்து வருடத்தைச் சும்மா விடக் கூடாது. இப்படிப்பட்டவர்கள் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் உட்கார்ந்து பேசி, எத்தனை மாதம் பால், அதற்குள் இடைக்கால மருந்து எது, ஸ்டாட்டினை எப்போது மறுபடி தொடங்குவது என்று ஒரு திட்டம் போட்டுக்கொள்வது நல்லது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, இணை உணவு ஆரம்பித்த பிறகு மாத்திரைக்குத் திரும்புவதும் ஒரு வழி. பிள்ளை குடிக்கும் பாலே அப்போது குறைந்திருக்கும்.

பிரசவம் ஆகி மூன்று வாரம். டெஸ்டில் கொலஸ்ட்ரால் 280 வந்திருக்கிறது. உடனே ஸ்டாட்டின் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள்.

அந்த டெஸ்டை இவ்வளவு சீக்கிரம் எடுத்திருக்கவே வேண்டாம். கர்ப்பத்தில் எல்லாப் பெண்களுக்கும் கொலஸ்ட்ரால் ஏறும், ரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு இரண்டு மூன்று மடங்கு ஆகும். அது குழந்தைக்காக உடம்பு செய்யும் ஏற்பாடு. பிரசவத்துக்குப் பிறகு மெல்லத்தான் இறங்கும். குறைந்தது ஆறு வாரம், முடிந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள். கர்ப்பத்துக்கு முன்பு எடுத்த பழைய ரிப்போர்ட் இருந்தால் தேடி எடுத்துச் செல்லுங்கள், மூன்றாம் வார ரிப்போர்ட்டைவிட அது நிறையச் சொல்லும். ட்ரைகிளிசரைடு ஆயிரத்தை ஒட்டி இருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அது கணையத்தைத் தாக்கும், அதற்கான வைத்தியமே வேறு.

என் தங்கைக்குக் குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள் மாரடைப்பு. ஆஞ்சியோ செய்து மாத்திரைகள் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டாட்டினும் இருக்கிறது. பாலை நிறுத்திவிட வேண்டுமா?

பாலைப் பற்றிக் கேட்பதற்கு முன், இதய மருத்துவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: மாரடைப்பு கொழுப்பு அடைப்பால் வந்ததா, ரத்தக்குழாயின் சுவர் தானாகப் பிளந்து வந்ததா?

பிரசவத்தை ஒட்டி வரும் மாரடைப்புகளில் இந்த இரண்டாவது வகை நிறைய. அதுவும் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் மாதத்தில். குழாயில் கொழுப்பே படியாமல், உட்சுவரில் ரத்தம் கசிந்து வழியை அடைத்துவிடும். அமெரிக்க இதயச் சங்கம் 2018இல் வெளியிட்ட அறிக்கை, வேறு காரணம் இல்லையென்றால் இந்த வகைக்கு ஸ்டாட்டின் வழக்கமாகத் தேவையில்லை என்கிறது. மாரடைப்பு என்றதும் எல்லோருக்கும் எழுதும் அதே மருந்துச் சீட்டில் ஸ்டாட்டினும் சேர்ந்து வந்துவிடுவது உண்டு. உங்கள் தங்கைக்கு அந்த வகைதான் என்றால், தேவையே இல்லாத ஒரு மருந்துக்காகப் பாலை நிறுத்தும்படி ஆகிவிடும்.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் இருக்கும் சிறிய எழுத்துகளையும் படியுங்கள். நம் ஊரில் கூட்டு மருந்துகள் அதிகம். ஒரே கேப்ஸ்யூலில் ரோசுவாஸ்டாட்டின் 10, ஆஸ்பிரின் 75, குளோபிடோகிரெல் 75 என்று மூன்றும் இருக்கும். "ஸ்டாட்டினை நிறுத்து" என்றதும் அந்தக் கேப்ஸ்யூலையே நிறுத்திவிட்டால், ஸ்டென்ட் வைத்தவருக்கு உயிருக்கே ஆபத்து. டாக்டர் மருந்துகளைத் தனித்தனியாக எழுதித் தர வேண்டும்.

கொழுப்பு அடைப்புதான் என்று உறுதியானால், ஸ்டாட்டினைத் தொடர்வதுதான் அவருக்குப் பாதுகாப்பு. அப்போது பிள்ளை முழுமாதத்தில் பிறந்ததா, எடை எப்படி, தங்கைக்குப் பால் கொடுப்பதில் எவ்வளவு விருப்பம் என்றெல்லாம் பார்த்து, இதய மருத்துவரும் குழந்தை மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். குறைமாதக் குழந்தை, பிறந்து சில நாளே ஆன குழந்தை என்றால் கூடுதல் தயக்கம் நியாயமானது. கல்லீரலும் சிறுநீரகமும் இன்னும் முதிராத நிலையில் மருந்து எப்படிக் கழியும் என்று மேலே போட்ட கணக்கு சொல்லாது. பவுடர் பால்தான் என்று முடிவானாலும், அதற்காக அந்தத் தாயை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

ஸ்டாட்டினுக்குப் பதிலாக, பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடிய மருந்து எதுவும் இல்லையா?

கொலஸ்டிரமின், கோலெசெவெலம் என்று இரண்டு. இவை குடலிலேயே பித்த உப்பைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். ரத்தத்தில் சேராத மருந்து பாலில் வர வழியே இல்லை. ஆனால் கொழுப்பைக் குறைப்பதில் ஸ்டாட்டின் அளவுக்கு வராது, மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் கொடுக்கும். பிரசவமான உடம்புக்கு அது சின்னத் தொல்லை இல்லை. கொழுப்பில் கரையும் வைட்டமின்களும் கூடவே போய்விடும் என்பதால் நீண்டநாள் சாப்பிட்டால் வைட்டமின் மாத்திரை வேண்டும். தைராய்டு மாத்திரை போன்றவற்றை இதற்குக் குறைந்தது நாலு மணி நேரம் முன்பே போட வேண்டும்.

எசெடிமைப், ஃபெனோஃபைப்ரேட் இரண்டையும் "ஸ்டாட்டின் இல்லையே" என்று நினைத்து எடுத்துக்கொள்ளாதீர்கள். பால் கொடுக்கும் காலத்தில் அவையும் தவிர்க்கச் சொல்லும் மருந்துகளே.

நான் விஷயம் தெரியாமல் இரண்டு வாரம் அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுத்துவிட்டேன். குழந்தைக்கு என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்?

குழந்தை நன்றாகக் குடிக்கிறது, விளையாடுகிறது என்றால் பொதுவாக எந்த டெஸ்டும் வேண்டாம். எடையைப் பாருங்கள். முதல் மூன்று மாதத்தில் வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் ஏறினால் நல்லது. குடிக்கும்போதே சோர்ந்து தூங்கிவிடுவது, உடம்பு துவண்டு கிடப்பது, விடாத வயிற்றுப்போக்கு, கண்ணில் மஞ்சள் என்று ஏதாவது இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டி, மாத்திரையின் பெயரையும் சொல்லுங்கள். அவர் தேவைப்பட்டால் கல்லீரலுக்கும் தசைக்கும் ரத்தம் எடுத்துப் பார்ப்பார். இந்த நாள்களுக்காகப் பாலை நிறுத்திப் புட்டிக்குப் பழக்கிவிட்டால், திரும்ப மார்புக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

மருந்து வேண்டாம் என்று இணையத்தில் "சிவப்பு ஈஸ்ட் அரிசி" கேப்ஸ்யூல் வாங்கியிருக்கிறேன். அது இயற்கைதானே, சாப்பிடலாமா?

வேண்டாம். அதில் இருக்கும் மொனகோலின் கே என்பது லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மருந்தேதான், ஒரே மூலக்கூறு. பூஞ்சையில் விளைந்ததால் மருந்து இல்லை என்று ஆகிவிடாது. ஒரு கேப்ஸ்யூலில் எவ்வளவு இருக்கிறது என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் மேலே போட்டது மாதிரி கணக்குக்கூடப் போட முடியாது. நம் வீட்டில் சமைக்கும் சிவப்பரிசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மாப்பிள்ளைச் சம்பா கஞ்சியைத் தாராளமாகக் குடியுங்கள்.